கடனா, பங்கா? 51 விழுக்காட்டில் இருக்கும் கேள்வி

புதிதாகத் தொழில் தொடங்கும் தலித் இளைஞர்களிடம் இப்போது அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: "வங்கிக்கு அலையாதே, வென்ச்சர் கேப்பிட்டல் தேடு. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் இல்லை." முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் குறித்த என் ஆய்வுக்காகக் கடன் பத்திரங்களையும் முதலீட்டு ஒப்பந்தங்களையும் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். இந்த அறிவுரையில் பாதிதான் உண்மை. தவணை இல்லை என்பது சரி, ஆனால் விலை உண்டு. அந்த விலை என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள் கழிவுநீரின் தரத்தை அளக்கும் கருவி செய்கிறார்கள். அவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் தேவை.

முதலில் வங்கி. 11 விழுக்காடு வட்டி, 5 ஆண்டுத் தவணை என்றால், மாதம் ஏறத்தாழ 1,08,700 ரூபாய் கட்ட வேண்டும். 60 மாதம் முடியும்போது 65 லட்சத்துக்குச் சற்று மேல் கட்டியிருப்பார்கள். அதாவது, 50 லட்சத்தின் விலை 15 லட்சம். அதற்குப் பிறகு வங்கிக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கம்பெனி நூறு மடங்கு வளர்ந்தாலும் வங்கி கூடுதலாக ஒரு ரூபாய் கேட்க முடியாது. தன் ஆதாயத்துக்கு இப்படி எல்லை இருப்பதால்தான் வங்கி இழப்பைத் தாங்க மறுக்கிறது, பிணை கேட்கிறது.

அங்கேதான் சாதி நுழைகிறது. வங்கி கேட்பது ஏலம் விட்டால் உடனே விலைபோகும் சொத்தை. நம் குடும்பங்களில் பலரிடம் இருப்பது விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ள ஒப்படைப்புப் பட்டா. பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியலினத்தவர் அல்லாதோருக்கு அதை விற்கவே முடியாது. நிலம் பறிபோகாமல் காக்க வந்த அந்த நிபந்தனை தேவையானது. ஆனால் அதே நிபந்தனையைப் பார்த்துத்தான் வங்கி அதிகாரி கோப்பை மூடுகிறார்.

இதற்கு மாற்றாகக் கடன் உத்தரவாதத் திட்டங்கள் வந்தன. பிணை இல்லாத கடன் திரும்பாவிட்டால், வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை உத்தரவாத நிதி ஈடுகட்டும். இதைக் கடன் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல, உத்தரவாதம் வங்கிக்குத்தான். ஈட்டுத்தொகை வந்த பிறகும் கடன் வாங்கியவரின் பொறுப்பு தீராது. தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். சொத்து அடமானமாக இருந்தால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாச நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போகாமலேயே அதைக் கைப்பற்றும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம்.

இனி முதலீட்டாளர். அதே 50 லட்சத்தைத் தருகிறார், பதிலுக்கு 20 விழுக்காடு பங்கு கேட்கிறார். கம்பெனியின் மதிப்பு முதலீட்டையும் சேர்த்து இரண்டரைக் கோடி ஆகிறது. வீட்டுப் பத்திரம் வேண்டாம், மாதத் தவணையும் இல்லை. கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும், வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். பிணை வைக்க ஒன்றுமில்லாதவருக்கு இது பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அவர் எதிர்பார்ப்பது வேறு. இத்தகைய நிதிகளுக்குப் பொதுவாகச் சுமார் பத்தாண்டுதான் ஆயுள். அவர் போட்ட பத்துக் கம்பெனிகளில் பல மூழ்கிவிடும் என்பது அவருக்கே தெரியும். அந்த இழப்பை ஓரிரு கம்பெனிகள் பல மடங்காக ஈடுகட்ட வேண்டும். ஆண்டுக்கு 15 விழுக்காடு வளர்ந்து, முப்பது பேருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி வங்கிக்கு நல்ல வாடிக்கையாளர், இவருக்குத் தோல்வி. எனவே அடுத்த சுற்று முதலீடு, அதற்கடுத்த சுற்று என்று வேகமாக ஓடச் சொல்வார்.

இரண்டாம் சுற்றில் 2 கோடி வருகிறது, மீண்டும் 20 விழுக்காடு போகிறது. இப்போது கம்பெனியின் மதிப்பு 10 கோடி என்று செய்தி வரும். நிறுவனர்களின் பங்கு 80-லிருந்து 64 ஆகியிருக்கும். அதன்பின் சந்தை சரிந்து, கம்பெனியை 3 கோடிக்கு விற்க நேர்கிறது என்று வையுங்கள். 64 விழுக்காட்டுக்கு 1 கோடியே 92 லட்சம் வரும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். கைக்கு வருவது 50 லட்சம். ஏனென்றால் முதலீட்டாளர்கள் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. விற்பனையில் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கும். இரண்டரைக் கோடி அவர்களுக்குப் போன பிறகு மிஞ்சுவதுதான் நிறுவனர்களுக்கு. விற்பனைக்கு நிறுவனர்களையும் கட்டாயப்படுத்தும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

நம் இயக்க மேடைகளில் பேசப்படாத இழப்பு இன்னொன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடியினர் நிறுவனங்களிடம் வாங்க இலக்கு வைக்க வேண்டும். கழிவுநீர் அளக்கும் கருவிக்குப் பொதுத்துறை ஆலைகளைவிட நல்ல சந்தை ஏது? தனியார் கம்பெனி இந்தக் கணக்கில் சேர, குறைந்தது 51 விழுக்காடு பங்கு அச்சமூக நிறுவனர்களிடம் இருக்க வேண்டும்.

நம் பொறியாளர்கள் மூன்றாம் சுற்றிலும் 20 விழுக்காடு கொடுத்தால் 64 என்பது 51.2 ஆகும். ஊழியர்களுக்கென்று புதிதாக 5 விழுக்காடு பங்கு ஒதுக்கினால் 48.6. அன்றோடு அது அரசின் கணக்கில் தலித் நிறுவனம் அல்ல. கருவியைச் செய்தவர்கள் அவர்களேதான், வாடகை வீடு தேடும்போது சாதி கேட்கப்படுவதும் அவர்களிடம்தான். போனது கொள்முதல் தகுதி மட்டும்.

51 விழுக்காட்டு விதியே தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பெயருக்கு ஒரு தலித்தை முன்னால் நிறுத்தி டெண்டர் எடுப்பவர்கள் பெருகுவார்கள். ஆனால் ஒரு திருத்தம் தேவை. தமிழ்நாடு அரசின் பட்டியலின, பழங்குடியினர் ஸ்டார்ட்அப் நிதி பங்கு முதலீடாகவே பணம் தருகிறது. சமூகநீதிக்காக ஒரு கையால் வாங்கும் பங்கு, இன்னொரு கை கேட்கும் 51-ஐக் கரைப்பது முரண். இத்தகைய பொது நிதிகளின் பங்கை அந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மீதியில் 51 பார்க்க வேண்டும். இந்தக் கோரிக்கையை நாம் எழுப்ப வேண்டும்.

அதுவரை தேர்வு செய்ய என் அளவுகோல் எளியது. கையில் ஆர்டர் இருக்கிறது, மாதாமாதம் பணம் வரும் என்றால் உத்தரவாதத்தோடு கடன் வாங்குங்கள். பிணை கேட்டு மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். கருவி சந்தைக்கு வரவே மூன்றாண்டு ஆகும் என்றால் தவணை கழுத்தை நெரிக்கும், அங்கே பங்கு விற்பதுதான் சரி. ஆனால் முதல் சுற்றுக்கு முன்பே ஒரு தாளில் மூன்று சுற்றுக்கும் கணக்குப் போடுங்கள். எத்தனையாவது கையெழுத்தில் 51-க்குக் கீழே இறங்குகிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அந்தக் கையெழுத்தைப் போடலாமா வேண்டாமா என்று பேரம் பேச, பணம் கைக்கு வருவதற்கு முன்னால்தான் முடியும்.