"மீதி கூடித்தானே இருக்கு, அக்கா!"

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம் என்று சொல்லும் உத்தியோகத்தர்களில் ஒருவரையாவது நெடுந்தீவுக்கு அனுப்பி வைக்கும்படி உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். சோளகக் காற்று நேரமாகப் பார்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

என் மச்சாள் தீவகத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறா. பெண்களுக்கு 50 வயதில் இந்த நிதியை எடுக்கலாம் என்பதால், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினா. அவவின் மகன் ஒருவன் இணையத்தைத் திறந்தான். உறுப்பினரின் விபரமும் தொலைபேசி இலக்கமும் முதலில் பதிவாகியிருக்க வேண்டுமாம். விசாரித்தோம். "அடையாள அட்டையோடு நேரில் வாங்கோ" என்றார்கள். வீட்டிலிருந்து பார்ப்பதற்கு முதலில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டி யாழ்ப்பாணம், அதற்கும் அப்பால் இன்னொரு பஸ். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் வடக்கில் கிளிநொச்சியில்தான் இருக்கிறது என்பதை நெடுந்தீவாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன இடத்தில் (எந்த அலுவலகம் என்பதை எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்) கணக்கு "பொருந்தவில்லை" என்றார்கள். மச்சாள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பதிந்தது ஒன்பது இலக்கமும் V எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை. அது தொலைந்த பிறகு எடுத்த புதிய அட்டையில் 12 இலக்கங்கள். ஆட்பதிவுத் திணைக்களம் 2016 முதல் தருவது இதைத்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காண ஒரு நிமிடம் போதும். 746201234V என்று ஒரு கற்பனை இலக்கத்தை எடுங்கள். 74 பிறந்த ஆண்டு. 620 என்பது ஆண்டின் 120ஆவது நாள், பெண் என்பதால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கிறது. முன்னால் 19 சேர்த்து, 620க்குப் பின்னால் ஒரு பூச்சியம் செருகி, V ஐ எடுத்துவிட்டால் 197462001234. புதிய இலக்கம் அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் இந்த வேலைக்கு, மச்சாளிடம் வேலை கொடுப்பவரின் அத்தாட்சிக் கடிதம் கேட்டார்கள். அவவின் பெயர் நிறுவனத்தின் பதிவில் தகப்பனின் முதலெழுத்தோடும் அட்டையில் தகப்பனின் முழுப்பெயரோடும் இருப்பதும் ஒரு குற்றமாயிற்று. தமிழர் பெயரை எழுதும் வழக்கம் இந்த நாட்டு அலுவலகங்களுக்கு இன்னும் புதினமாக இருக்கிறது போலும்.

கடிதம் வாங்கித் திரும்பவும் போனோம். இலக்கம் திருத்தினார்கள். ஆனால் பதிந்திருந்த தொலைபேசி மூத்த மகனுடையது. அவன் கனடா போய்விட்டான், அந்தச் சிம் உயிரோடு இல்லை. உறுதிப்படுத்தும் குறியீடு அந்த இலக்கத்துக்கே போகும். அதற்கும் ஒரு படிவம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடிதம் எழுத வைத்தது, கணக்குக்கூற்றின் அச்சுப்பிரதியை ஒருவழியாகக் கையில் தந்தபோது நடந்தது. மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, மாதாமாதம் கட்டினார்களோ?" என்று கேட்டா. உத்தியோகத்தர் கடைசி வரியைப் பேனையால் தட்டினார்: "மீதி கூடித்தானே இருக்கு, அக்கா! பிறகென்ன?"

மீதி கூடித்தான் இருந்தது. எப்படிக் கூடியது என்பதை உங்கள் வாசகர்களும் பார்க்கட்டும். தொகைகளை விளங்குவதற்காக முழு எண்களாக்கித் தருகிறேன். சம்பளம் 40,000 ரூபா. அதில் 8 வீதம், 3,200 ரூபா, அவவின் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. 12 வீதம், 4,800 ரூபா, வேலை கொடுப்பவர் தன் கையிலிருந்து போட வேண்டும். ஆக மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. 2023 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கணக்கில் 900,000 இருந்தது. அந்த ஆண்டுக்கு அறிவித்த வட்டி 13 வீதம், ஆகவே தொடக்க மீதிக்கு மட்டும் 117,000. ஆண்டு முடிவில் மீதி 1,089,000ஐத் தாண்டி நிற்கிறது. இதைப் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும்.

ஆனால் நடுவில் "பங்களிப்பு" என்ற வரி 72,000 என்கிறது. அதை 8,000 ஆல் பிரியுங்கள். ஒன்பது மாதம்! மூன்று மாதத்துக்குரிய 24,000 ரூபா வந்து சேரவே இல்லை. அதில் 9,600 அவவின் சம்பளச் சிட்டையில் வெட்டியாயிற்று என்று காட்டப்பட்ட சொந்தக் காசு. வட்டி வந்து அந்தப் பள்ளத்தை மூடிவிட்டது. 2022 போல 9 வீத வட்டி கிடைத்த ஆண்டென்றாலும் மீதி கூடித்தான் இருக்கும், பணம் விடுபட்டதும் தெரியாமல்தான் இருக்கும். கூற்றில் முதலில் பார்க்க வேண்டியது பங்களிப்பு வரியை. நாள்தோறும் இந்தத் தாள்களோடு இருக்கும் ஒருவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் மூன்று மாதத்தைத் தேடும் வேலை தன் மேசைக்கு வந்துவிடும் என்ற பயமா?

"ஆண்டுக் கூற்று வேலை கொடுப்பவர் மூலம் வருமே" என்று ஒருவர் சொன்னார். அதுதான் ஐயா நோய். பணத்தைக் கட்டாமல் விட்டவரின் கையாலேயே, கட்டவில்லை என்று காட்டும் தாளும் வந்து சேர வேண்டுமாம். மச்சாளுக்கு அப்படியொரு தாளை எவரும் நீட்டியதில்லை. இடையில் ஆள் இல்லாமல் கணக்கைப் பார்க்க ஊழியருக்கு உள்ள வழி இந்த இணையப் பதிவுதான். அதைத் திறக்கவும் அதே முதலாளியின் கடிதம் வேண்டும் என்றால் யாருடைய பாதுகாப்புக்காக இந்தப் பூட்டு?

"தீவில் எத்தனை பேர் இந்த நிதியில் இருக்கப் போகிறார்கள்" என்பது இன்னொருவரின் சமாதானம். கூட்டுறவுச் சங்கங்களில் சம்பளம் வாங்குவோர், கொழும்புக் கடைகளில் உழைத்துவிட்டுப் பழைய கணக்கு எந்த இலக்கத்தில் கிடக்கிறது என்று தெரியாமல் ஊர் திரும்பியோர், எல்லோரையும் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் ஒரு மாலை நடந்து பார்த்து எண்ணட்டும். வேலை மாறும்போதெல்லாம் ஒரு புதிய உறுப்பினர் இலக்கம். அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு அடையாள அட்டை இலக்கம். அந்தக் கயிறு இரண்டு வடிவில் கிடக்கும்போது முடிச்சுப் போட வேண்டியவர்கள் நிதியை நடத்துவோர்தான்.

கேட்பது பெரிதல்ல. நெடுந்தீவுக்குப் பிரதேச செயலகம் இருக்கிறது. நயினாதீவாருக்கும் புங்குடுதீவாருக்கும் வேலணையில் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எங்களை ஆள் என்று உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கையெழுத்து, அதே அட்டையின் இலக்கத்தைக் கணக்கில் திருத்தவும் தொலைபேசி இலக்கம் மாற்றவும் போதாதா? பந்தல் போட்டு, மேடையில் மாலை மாற்றி நடத்தும் நடமாடும் சேவைகளில் இந்தப் பதிவுக்கும் ஒரு மேசை போடட்டும்.

மூன்று மாதப் பணம் பற்றி முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம், சம்பளச் சிட்டைகளின் பிரதிகளோடு. பிந்திக் கட்டினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் என்கிறது சட்டம். பன்னிரண்டு மாதம் கடந்தால் அந்த 50தான், 2023 இன் கணக்கு அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. அறவிட வருகிற உத்தியோகத்தருக்குப் படகு குறிகட்டுவானில் நிற்கும். டிக்கட் காசு நாங்கள் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
நெடுந்தீவிலிருந்து ஒரு வாசகர்