3.52 மில்லிமீட்டர் என்னும் மாயை

பக்கவாட்டு விசை தாங்கும் பைலின் தலை விலகல் 3.52 மி.மீ. என்று ஆய்வேடுகளில் இரண்டு தசம இடங்கள் வரை எழுதப்படுகிறது. 5 மி.மீ. வரம்புக்குள் இருப்பதால் பாதுகாப்பானது என்று அடுத்த வரியே தீர்ப்பும் வழங்குகிறது. அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்போர் அரிது.

அது பிறக்கும் இடம் ஓர் அட்டவணை. நீரில் மூழ்கிய நடுத்தர அடர்த்தி மணலுக்கு, மண்ணின் கிடைமட்ட எதிர்வினை ஆழத்தோடு வளரும் வீதமான ηh மதிப்பை ஐ.எஸ். 2911 ஒற்றை எண்ணாகத் தருவதில்லை; கனமீட்டருக்கு 1.4 முதல் 5.0 மெகாநியூட்டன் வரை என்று வீச்சாகவே தருகிறது. ஆய்வேடு அதன் நடுப்புள்ளியாகிய 3.2-ஐ எடுத்துக்கொண்டு வீச்சை மறந்துவிடுகிறது.

600 மி.மீ. விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட எம்30 கான்கிரீட் பைல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலை தொப்பியில் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. தரைமட்டத்தில் 60 கிலோநியூட்டன் விசை.

```
T = (EI/ηh)^(1/5)
y = 0.93 H T^3/EI
M = 0.93 H T
```

ηh 5.0 எனில் விலகல் 2.7 மி.மீ.; 1.4 எனில் 5.8 மி.மீ. ஒரே மணல், ஒரே அட்டவணை வரி; ஒருமுனையில் தேர்ச்சி, மறுமுனையில் தோல்வி. பெரும வளைவுத் திருப்புத்திறனோ ஏறத்தாழ 113-இலிருந்து 146 கிலோநியூட்டன் மீட்டருக்கு மட்டுமே உயர்கிறது. விலகல் ηh-இன் 0.6 அடுக்குக்கும், திருப்புத்திறன் 0.2 அடுக்குக்கும் எதிர்விகிதத்தில் மாறுவதே காரணம். ஆகவே கம்பி வடிவமைப்புக்கு இம்முறையை ஓரளவு நம்பலாம்; விலகலுக்கு ஒற்றை எண் தருவது அறிவியலன்று, எழுத்தழகு.

தலைப்பிணைப்பு இதனினும் பெரிய வாதம். தலை சுதந்திரமாகச் சுழலுமானால் விலகலின் கெழு 0.93 அன்று, 2.435, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். பெருமத் திருப்புத்திறனும் தொப்பியடியை விட்டுத் தரைக்குக் கீழே 1.3T ஆழத்துக்கு, இந்தப் பைலில் சுமார் 3 மீட்டருக்கு, இறங்கிவிடுகிறது. உண்மைத் தொப்பி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. முழுப்பிணைப்பு என்று ஒரே சொல்லில் கடந்து, கம்பியை மேலே மட்டும் செறிப்பவர்கள் அந்த 3 மீட்டரை எண்ணிப் பார்ப்பதில்லை.

களச்சோதனை இருந்தால் தீர்ந்தது என்பாரும் உளர். சோதனைப் பைலின் தலை பெரும்பாலும் சுதந்திரமானது. அதன் அளவீட்டிலிருந்து 0.93 கெழுவைக் கொண்டு ηh-ஐப் பின்கணக்கிட்டால் மண் உண்மையைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு நெகிழ்வானதாகத் தோன்றும். மேலும், விசையை இருமடங்காக்கும்போது விலகல் இருமடங்கைத் தாண்டினால் நேர்கோட்டுச் சுருள்வில் கருதுகோள் அங்கே முறிந்துவிட்டது. சிறு விசையில் பெற்ற ηh வேலைச்சுமைக்குப் பொருந்தாது. விசை–விலகல் வரைபடத்தை இணைக்காமல் ஒரேயொரு ηh-ஐ மட்டும் அச்சிடும் ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.