வெள்ளிக்கிழமை அடுப்படி - 9: பட்டனா, கைப்பிடியா?

போன வாரம் பரீட்சை, அதனால கடைக்கு லீவு. இந்த வாரம் மேட்டர் காபி. ஃபில்டர் காபி புராணம் பாடப்போறேன்னு ஓடிடாதீங்க. இது எஸ்ப்ரெஸ்ஸோ மெஷின் வாங்கி ஒரு வீடு ரெண்டுபட்ட கதை.

நான் ஸ்டுட்கார்ட் பக்கம் பெரியம்மா பொண்ணு வீட்டு மாடி ரூம்ல தங்கி மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அக்கா ஆஸ்பத்திரியில நர்ஸ், காலை 5:25-க்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அத்தான் 7 மணிக்கு. நடுவுல அவரோட அம்மா, நான், ரெண்டு வாண்டுகள். காலையில மட்டும் ஆறு காபி. அதுல நாலு பால் காபி.

அத்தான் போன வருஷம் ஆசை ஆசையா மேனுவல் செட் வாங்கினார். பித்தளை குரூப் வெச்ச மெஷின், தனி க்ரைண்டர், தராசு. 18 கிராம் தூள் போட்டு, சமமா பரப்பி, அழுத்தி, 25-லேர்ந்து 30 நொடிக்குள்ள 36 கிராம் காபி இறங்கினா சரி. ஞாயித்துக்கிழமை அவர் கையால குடிச்சா, சத்தியமா சொல்றேன், கடை காபி தோத்துடும்.

நிற்க. இனிமேதான் பிரச்சனை.

மெஷின் சூடாக இருபது நிமிஷம். அதுக்கு டைமர் ப்ளக் போட்டு சமாளிச்சாச்சு. (சாதா ஸ்விட்ச் இருக்கற மெஷினுக்குத்தான் இது சரிப்படும். பட்டன் அமுக்கி ஆன் பண்ற டைப்னா கரண்ட் வந்தாலும் அது தூங்கிட்டே இருக்கும்.) ஒரே பாய்லர்ங்கறதால காபி இறக்கறதுக்கு ஒரு சூடு, பாலை நுரைக்கறதுக்கு அதைவிட அதிக சூடு. ஒவ்வொரு பால் காபிக்கும் சூடேற்றி, அப்புறம் தண்ணியை ஓடவிட்டு ஆறவெச்சு அடுத்ததுக்குப் போகணும். அத்தான் கைக்கே ஒரு பால் காபிக்கு நாலு நிமிஷம் ஆச்சு. போன்ல டைம் பாத்தேன்.

நேரத்தைக்கூட பொறுத்துக்கலாம். கவுத்தது வேற. ஒரு ஞாயித்துக்கிழமை அத்தான் புதுக் கொட்டை மாத்தினார். இதுவரைக்கும் வாங்கினதைவிட வறுவல் கம்மி. திங்கள் காலை 5:10-க்கு அக்கா அதே க்ரைண்டர் செட்டிங்ல அரைச்சு மாட்டினா, 12 நொடியில கப் ரொம்பிடுச்சு. வாயில வெச்சா புளித்தண்ணி! காரணம் சிம்பிள். கொட்டை மாறினா அரைக்கற அளவும் மாறணும். லேசா வறுத்த கொட்டை கெட்டி, இன்னும் நைசா அரைச்சாத்தான் தண்ணியைப் பிடிச்சு நிறுத்தும். ஒரு படி இறக்கி அரைச்சுப் பாத்து, பத்தலேன்னா இன்னொரு படி. ஒவ்வொரு முயற்சிக்கும் 18 கிராம் குப்பைக்கு. பதினஞ்சு நிமிஷத்துல பஸ் பிடிக்கணும்ங்கறவங்க இதைப் பண்ணுவாங்களா?

அன்னிக்கு சாயங்காலம் அக்கா ஒரே வரிதான் சொன்னாங்க. "ஒரு வாய் காபிக்கு இன்னொருத்தரை எழுப்பணும்னா அது எனக்கு வேணாம்." அத்தான் வாயே திறக்கலை.

அடுத்த மாசம் பழைய ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஒண்ணு வந்துச்சு. கொட்டையைக் கொட்டி, தண்ணி ஊத்தி, பட்டனை அமுக்கினா அதுவே அரைச்சு, அழுத்தி, இறக்கி, சக்கையை உள்ள ஒரு டப்பாவுல தள்ளிடும். ஒரு நிமிஷத்துல சூடாயிடும். முதல் கப் தண்ணியா இருந்துச்சு, அத்தான் முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு. பொட்டியிலேர்ந்து எடுத்தபடியே குடிச்சா அப்படித்தான் இருக்கும். மூணு விஷயம் மாத்தினோம். அளவை 35 மில்லியா குறைச்சோம். ஸ்ட்ராங்கை உச்சத்துல வெச்சோம். அரைக்கறதை ஒரு படி நைசாக்கினோம். இந்தக் கடைசி வேலையை க்ரைண்டர் ஓடும்போதுதான் செய்யணும், நிக்கும்போது திருகினா கெட்டுப்போகும். மாத்தினது கப்புல தெரிய ரெண்டு மூணு காபி போகணும், பழைய தூள் உள்ள மிச்சம் இருக்கும். ரொம்ப நைசாக்கினா காபி சொட்டுச்சொட்டா விழும், அப்ப ஒரு படி பின்னாடி வரணும்.

அதுக்கப்புறம் பால் காபியில வித்தியாசம் யாருக்கும் தெரியலை. வெறும் எஸ்ப்ரெஸ்ஸோவுல அத்தானுக்குத் தெரியுது, எனக்கும் கொஞ்சம். இந்த மெஷின் தூளைக் கம்மியா எடுக்கும், கொஞ்சம் கரடா அரைக்கும். அதனால அந்தக் கெட்டி வராது. ஆனா அதே காரணத்தாலதான் கொட்டை மாறினாலும் காபி பாழாகறதில்லை. உச்சமும் இல்லை, பாதாளமும் இல்லை.

அப்ப ஆட்டோமேட்டிக்தான் ஜெயிச்சுதான்னு கேக்கறீங்களா? இருங்க, என் வண்டவாளம் வருது.

டிசம்பர்ல அவங்க எல்லாரும் மூணு வாரம் ஊருக்குப் போனாங்க. நானும் நாலு நாள் கழிச்சு ஃப்ரெண்ட் ரூமுக்குக் கிளம்பிட்டேன். சக்கை டப்பாவைக் காலி பண்ணலை. திரும்பி வந்து திறந்தா வெள்ளையா பஞ்சு மாதிரி பூசணம்! ஈரச் சக்கை, மூடின டப்பா, வேற என்ன ஆகும்? பால் குழாய்ல புளிச்ச வாடை வேற. நல்லவேளை, இந்த மாடல்ல காபி இறக்கற பாகத்தைக் கழட்டி வெளியில எடுக்கலாம். (கழட்ட முடியாத கம்பெனி மெஷினும் இருக்கு, அதை மாத்திரை போட்டுத்தான் கழுவணும்.) வெறும் வெந்நீர்ல கழுவி, காயவெச்சு, உள்ள ஒட்டியிருந்ததைத் துடைச்சு, க்ளீனிங் மாத்திரை போட்டு ஓட்டி, பால் குழாயைப் புதுசா வாங்கி மாட்டி... ஒரு சனிக்கிழமை முழுசா போச்சு. முதல் பத்து கப்பை சிங்க்ல ஊத்தினேன்.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வேலை ரெண்டுலயும் இருக்கு. மேனுவல்ல ஒவ்வொரு கப்புக்கும் முன்னாடி வேலை, அதுவும் கை பழகினவங்களால மட்டும்தான் முடியும். ஆட்டோமேட்டிக்ல வேலை பின்னாடி வருது, யார் வேணா செய்யலாம். யார் வேணா செய்யலாம்னா நம்ம வீட்டுல என்ன அர்த்தம்? யாரும் செய்ய மாட்டாங்க.

அதனால எத்தனை பேர் குடிக்கறாங்கன்னு எண்ணாதீங்க, எத்தனை பேர் போடுவாங்கன்னு எண்ணுங்க. குடிக்கற எல்லாரும் போடக் கத்துக்கத் தயார்னா மேனுவல் வாங்கலாம். ஒருத்தர்தான் போடுவார், அவர் தூங்கும்போது இன்னொருத்தர் கிளம்பணும்னா ஆட்டோமேட்டிக். ஆனா சுத்தம் பண்ற ஆள் யாருன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பேர் எழுதிடுங்க.

எங்க வீட்டுல எழுதியாச்சு. தினமும் ராத்திரி சக்கை டப்பா, தட்டு, பால் குழாய்: அத்தான். வியாழக்கிழமை அந்தப் பாகத்தைக் கழட்டிக் கழுவறதும், மெஷின் கேக்கும்போது சுண்ணாம்பு எடுக்கறதும் அடியேன். அக்கா பேர் லிஸ்ட்ல இல்லை. மேனுவல் செட் விக்கலை, ஞாயித்துக்கிழமை மட்டும் அத்தான் ராஜ்ஜியம்.

டிஸ்கி 1: பழசு வாங்கப் போனா அந்தப் பாகத்தைக் கழட்டச் சொல்லி மோந்து பாருங்க. நிறைய மெஷின்ல இதுவரை எத்தனை கப்னு மெனுவுலயே கணக்கு இருக்கும், அதையும் கேளுங்க.

டிஸ்கி 2: கொட்டை போடற இடத்துல சிக்கரி கலந்த ஃபில்டர் தூளைக் கொட்டாதீங்க. எண்ணெய் மினுங்கற கறுப்புக் கொட்டையும் வேணாம், ஒட்டிக்கிட்டு க்ரைண்டருக்குள்ள இறங்காது. ஊர்லேர்ந்து அத்தை கொண்டு வந்த பாக்கெட்டை நான் பரண்ல ஏத்தி வெச்சதுக்கு இதுதான் காரணம், வேற உள்நோக்கம் இல்லை. ஹி ஹி.