பத்தொன்பது பிட் பித்தலாட்டம்

ஹஃப்மன் குறிமுறையைப் 'பழங்காலத்துச் சடங்கு' என்று ஒதுக்கித் தள்ளி, அதற்கு மாற்றாகத் தம் சொந்தச் சரக்கைக் கடைவிரித்திருக்கும் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, எங்கோ அச்சுப்பிழை நேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான் பிழை அச்சில் இல்லை, ஆசிரியரின் தலையில் இருக்கிறது என்பது விளங்கியது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நல்ல உதாரணம். அதைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் விளையாடும் பையனை வீட்டுக்கு அழைக்கும் குரல்: 'மணி நீ வா மணி நீ வா'. இதில் ம, ணி, நீ, வா ஆகிய நான்கும் இரண்டிரண்டு முறை வருகின்றன. சொற்களுக்கு நடுவே ஐந்து இடைவெளிகள். ஆக மொத்தம் பதின்மூன்று குறிகள். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறிச்சொல், அரிதாக வருவதற்கு நீளக் குறிச்சொல் என்பது கொள்கை. இதுவரை அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்த வரியில் தொடங்குகிறது. இடைவெளிக்கு 0, மகரத்துக்கு 1, 'ணி'க்கு 00, 'நீ'க்கு 01, 'வா'வுக்கு 10 என்று ஓர் அட்டவணையைப் போட்டு, 'ஹஃப்மனுக்கு 29 பிட் தேவைப்பட்டது, எனக்கு 19 போதும்' என்று அவர் மார்தட்டுகிறார். ஒரு குறிச்சொல் இன்னொன்றின் தொடக்கமாக இருக்கக் கூடாது என்ற முன்னொட்டு விதி பண்டிதர்களின் வீண் ஆசாரமாம். மோர்ஸ் தந்தி அந்த விதி இல்லாமலேயே உலகம் சுற்றியதாம். சரி, அவர் அட்டவணைப்படியே வாக்கியத்தை எழுதிப் பார்ப்போம்.

```
1000010100100001010
```

எண்ணினால் 19 பிட்தான், பொய் இல்லை. இனி இதைத் திரும்பப் படிக்க வேண்டுமே! முதல் நான்கு பிட் 1000. ம, ணி, இடைவெளி என்று படிக்கலாம். ம, இடைவெளி, ணி என்றும் படிக்கலாம். மகரத்தை அடுத்து மூன்று இடைவெளி என்றாலும் தப்பில்லை. வா, ணி என்றால்? அதுவும் பொருந்தும். 'வா'வுக்குப் பின் இரண்டு இடைவெளி? தாராளமாக. நான்கே பிட்டுக்கு ஐந்து வாசிப்புகள். மீதம் பதினைந்து பிட்டுக்கும் சேர்த்து எத்தனை ஆகும் என்று எண்ணும் வேலையை அவருக்கே விட்டுவிடுகிறேன். எழுதியவராலேயே திரும்பப் படிக்க முடியாத ஒன்றைச் சுருக்கம் என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்? பாதி வாக்கியத்தைக் கிழித்தெறிந்தால்கூடத்தான் அளவு குறையும், அதையும் குறிமுறை என்பாரா?

மோர்ஸைத் துணைக்கு அழைத்ததுதான் இதைவிடக் கொடுமை. மோர்ஸில் புள்ளியும் கோடும் மட்டுமா இருக்கின்றன? எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மௌனம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அதைவிட நீண்ட மௌனம் என்று காலத்தாலேயே பிரித்துக் காட்டும் ஏற்பாடு அது. அந்த மௌனமும் ஒரு குறிதான், அதற்கும் விலை உண்டு. சுழியமும் ஒன்றும் மட்டும் இடைவிடாமல் ஓடும் பிட் சரத்தில் அப்படி மூன்றாவது குறி எதுவும் கிடையாது. எங்கே வெட்டுவது என்பதைக் குறிச்சொற்களே சொல்லியாக வேண்டும். முன்னொட்டு விதி செய்வது அந்த வேலையைத்தான்.

இதை நம்பிக்கை சார்ந்த விஷயமாக அவர் பேசுகிறார், இது கணக்கு. 1949இல் கிராஃப்ட் காட்டியதும் 1956இல் மக்மில்லன் விரித்ததும் ஒரு வரவுசெலவுதான். உங்கள் கையிருப்பு ஒன்று. ஒரு பிட் குறிச்சொல் வாங்கினால் அதில் பாதி போகும், இரண்டு பிட் என்றால் கால், மூன்று பிட் என்றால் அரைக்கால். கையிருப்பைத் தாண்டிச் செலவழித்தவரால் ஐயமின்றித் திரும்பப் படிக்கக்கூடிய அட்டவணையைத் தரவே முடியாது, முன்னொட்டு விதியைப் பின்பற்றினாலும் சரி, பின்பற்றாவிட்டாலும் சரி. நம் கட்டுரையாளர் இரண்டு அரைகளையும் மூன்று கால்களையும் வாங்கி ஒன்றே முக்கால் செலவழித்திருக்கிறார். 19 பிட் என்ற சாதனையின் ரகசியம் இந்தக் கடன்தான்.

அடுத்து, ஹஃப்மன் மரத்தைக் கீழிருந்து கட்டுவதும் ஷானன், ஃபானோ வழியில் மேலிருந்து பிளப்பதும் ஒன்றே என்கிறார். பெயர்களை மட்டும் படித்தவர் சொல்லும் பேச்சு இது. மேலிருந்து பிளப்பது என்றால் என்ன? குறிகளை நிகழ்வெண் வரிசையில் அடுக்கி, கூடியவரை சமமான இரண்டு பங்காக வெட்டி, ஒன்றுக்கு 0, மற்றதற்கு 1 கொடுத்து, ஒவ்வொரு பங்கையும் மீண்டும் வெட்டுவது. நம் வாக்கியத்தில் 5, 2, 2, 2, 2. இடைவெளியைத் தனியே நிறுத்தினால் 5க்கு 8, வித்தியாசம் மூன்று. இடைவெளியோடு மகரத்தையும் சேர்த்தால் 7க்கு 6, வித்தியாசம் ஒன்று. ஆகவே விதி இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். இடைவெளிக்கு 00, ம 01, ணி 10, நீ 110, வா 111. கூட்டினால் 30 பிட்.

கீழிருந்து கட்டுவோம். இருப்பதில் மிகச் சிறிய இரண்டை எடுத்துச் சேர்க்க வேண்டும்: ம, ணி சேர்ந்து 4. மீண்டும் சிறிய இரண்டு: நீ, வா சேர்ந்து இன்னொரு 4. இப்போது கையில் 4, 4, 5. இரண்டு நான்குகளும் சேர்ந்து 8. கடைசியில் 8உம் 5உம் சேர்ந்து 13. மரத்தின் உச்சியிலிருந்து ஒரே படியில் இடைவெளி, மற்ற நான்கும் மூன்று படி ஆழத்தில்.

```
இடைவெளி  0
ம         100
ணி        101
நீ         110
வா        111
```

வாக்கியம் முழுவதும் இப்படி ஆகிறது:

```
10010101100111010010101100111
```

29 பிட். இடமிருந்து வலமாக, எங்கும் தயங்காமல், பின்னால் திரும்பிப் பாராமல் படிக்கலாம். 0 வந்தால் இடைவெளி. 1 வந்தால் இன்னும் இரண்டு பிட்டை எடு. ஷானனின் எண்ட்ரோபிக் கணக்கு இந்த நிகழ்வெண்களுக்கு ஏறத்தாழ 28.5 பிட் என்கிறது. குறிகளை ஒவ்வொன்றாகக் குறியிட்டுத் திரும்பப் படிக்கக்கூடிய எந்த அட்டவணையும் அதற்குக் கீழே இறங்க முடியாது. பிட்டைப் பாதியாக நறுக்க முடியாது என்பதால், 29தான் அடிமட்டம். 19 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே ஏதோ கோளாறு என்று ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

முப்பதுக்கும் இருபத்தொன்பதுக்கும் ஒரு பிட்தானே என்று அவர் சிரிக்கலாம். அந்த ஒரு பிட்டுக்காகத்தான் ஹஃப்மன் அலைந்தார். எம்.ஐ.டி.யில் ஃபானோவின் வகுப்பில், இறுதித் தேர்வு எழுத விரும்பாதவர்கள் ஒரு கட்டுரை எழுதித் தரலாம் என்ற ஏற்பாட்டில் மாணவராக அவர் எடுத்துக்கொண்ட கேள்வி அது. அதற்கு அவர் கண்ட விடை 1952இல் வெளியானது. மேலிருந்து வெட்டும்போது இன்றைய சமநிலைக்காக நாளைய ஆழத்தை அடகு வைக்கிறோம். கீழிருந்து சேர்க்கும்போது மிக அரிதானவையே மிக ஆழத்தில் இருக்கும் என்பது ஒவ்வொரு படியிலும் உறுதியாகிறது. இந்த வேறுபாட்டைத்தான் 'ஒன்றே' என்று ஒரு சொல்லில் துடைத்துவிட்டார்.

மூன்றாவது, 47 பைட் 4 பைட் ஆனது என்ற முழக்கம். ஹஃப்மனைத் திட்டிக்கொண்டே, பத்திக் கடைசியில் பெருமை பேச மட்டும் ஹஃப்மனின் 29 பிட்டையே எடுத்துக்கொள்ளும் முரணை விட்டுவிடுகிறேன். யூடிஎஃப்-8இல் ம மூன்று பைட், ணி, நீ, வா மூன்றும் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரு குறியீடுகளாக இருப்பதால் தலைக்கு ஆறு, இடைவெளி ஒன்று. 47 சரிதான். ஆனால் அந்த நான்கு பைட்டை வாங்கியவர் 101 என்பது 'ணி' என்று எப்படி அறிவார்? ஜோசியம் பார்த்தா? அட்டவணையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஐந்து குறிகளை எழுதவே 22 பைட் ஆகும், அவற்றின் நீளங்களுக்கு இன்னும் இடம் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் இது.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்று உண்டு. 29 பிட்டை நான்கு பைட்டில் அடைத்தால் மூன்று பிட் மிச்சம். அதைச் சுழியங்களால் நிரப்புவது வழக்கம். நம் அட்டவணையில் சுழியம் என்றால் இடைவெளி! ஆகவே, படிப்பவர் வாக்கியத்தின் வாலில் மூன்று இல்லாத இடைவெளிகளைப் பெறுவார். மொத்தம் 13 குறிகள் என்ற எண்ணிக்கையை முன்னால் எழுதினாலோ, முடிவுக்கென்று தனிக் குறி வைத்தாலோதான் இது தீரும். கட்டுரையாளர் தம் சரத்தை ஒரு முறையாவது கணினியில் ஏற்றித் திரும்ப எடுத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து குறிகளுக்கும் ஒரே சீராக மூன்று பிட் கொடுத்தால் 39 பிட், அதாவது ஐந்து பைட். ஹஃப்மன் மிச்சப்படுத்துவது ஒரு பைட். குறிச்சொல் நீளங்களைத் தலைக்கு நான்கு பிட் என்று நெருக்கி எழுதினாலும் மூன்று பைட் செலவு. இவ்வளவு சின்ன வாக்கியத்தில் ஹஃப்மன் நஷ்டம்தான். அட்டவணையின் செலவு பரவிக் கரைய நீண்ட உரை வேண்டும். ஹஃப்மனை எதிர்க்க உண்மையான வாதம் இது ஒன்றே. கையருகே கிடந்த இதை விட்டுவிட்டு, இல்லாத 19 பிட்டைத் துரத்தியிருக்கிறார். பழையதை வீழ்த்தியவர் என்ற பெயர் வேண்டும், அதற்கான உழைப்பு மட்டும் வேண்டாம்.

கடைசியாக, என்னை எழுத வைத்த பத்தி. முன்னொட்டு விதியே தேவையில்லை என்று சுதந்திரம் பேசிய அதே மனிதர், தம்மிடம் படித்த ஒரு மாணவி இடைவெளிக்கு 1, ம 011, ணி 010, நீ 001, வா 000 என்று எழுதியதை, விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று அடித்துவிட்டதாகக் கூசாமல் எழுதுகிறார். மரத்தின் எந்தக் கிளைக்கு 0, எந்தக் கிளைக்கு 1 என்பது கட்டுபவர் விருப்பம். சமமான நிகழ்வெண்களில் எதை எதோடு முதலில் சேர்ப்பது என்பதும் அப்படியே. இந்த வாக்கியத்துக்கு மட்டும் 29 பிட் தரும் முன்னொட்டு அட்டவணைகள் 48 உண்டு: இடைவெளிக்கு இரண்டு வாய்ப்பு, மற்ற நான்கையும் இடம் மாற்ற இருபத்து நான்கு. திருத்துபவர் பார்க்க வேண்டியவை இரண்டே: எந்தக் குறிச்சொல்லும் மற்றொன்றின் தொடக்கமாக இருக்கக் கூடாது, மொத்த நீளம் 29 ஆக இருக்க வேண்டும். அந்த மாணவியின் அட்டவணை இரண்டிலும் தேறுகிறது, அவர் ஆசிரியரின் அட்டவணை ஒன்றில்கூடத் தேறவில்லை.

அந்த விடை சரி. அடித்த மதிப்பெண்ணை அவர் திருப்பித் தர வேண்டும்.