ஆறு மாதம் என்று எழுதாதீங்க

காரைக்கால் அம்மையாரின் மாங்கனிக் கதையை 5 நிமிட அனிமேஷன் குறும்படமாக எடுக்க யாராவது இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டால், முதலில் இந்தக் கணக்கைச் சொல்லட்டும். விநாடிக்கு 12 ஓவியம் என்றாலே மொத்தம் 3,600. ஒருவர் ஒரு நாளைக்கு 15 வரைந்தாலும் 240 நாள் ஆகும். வண்ணம், ஒலி எல்லாம் அப்புறம்தான்! "ஆறு மாதத்தில் படம்" என்று எழுதினால் ஏழாவது மாதமே ஏமாற்றுக்காரர் பட்டம்தான்.

2012-ல் 'அனோமலிசா' குறும்படமாக எடுக்கத்தான் கிக்ஸ்டார்ட்டரில் 2 லட்சம் டாலர் கேட்டார்கள். 4 லட்சத்துக்கு மேலேயே சேர்ந்தது. கடைசியில் அது முழுநீளப் படமாக வளர்ந்து, 2015-ல்தான் வந்தது. பணம் கூடினால் தேதியும் தள்ளும்.

500 ரூபாய் கொடுத்தவருக்கு டி-ஷர்ட் வேண்டாம். துணியும் தபாலுமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். படத்தின் ஓவியம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பலாம். கூடவே, மாதாமாதம் எத்தனை ஓவியம் முடிந்தது என்ற எண்ணிக்கையையும்.