உள்ளே இருந்தவர் வாங்கினார், வெளியே இருந்தவர் விற்றார்

போன வாரம் கேன்டீனில் ஒரு சின்ன சண்டை. "இன்சைடர் டிரேடிங்ல யாருக்குடா நஷ்டம்? விக்கிறவன் எப்படியும் விக்கத்தான் போறான். வாங்கினவனுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதானே?" என்றான் நண்பன். அப்போது எனக்குச் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

1996 மார்ச்சில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம், யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவிடமிருந்து (யு.டி.ஐ.) புரூக் பாண்ட் லிப்டன் பங்குகள் 8 லட்சத்தை வாங்கியது. பங்கு ஒன்றுக்கு ரூ.350.35. அன்றைய சந்தை விலையை விட ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம். யு.டி.ஐ.க்கு நல்ல பேரம் போலத்தான் தெரிந்திருக்கும். சில வாரங்களில், ஏப்ரலில், இந்த இரண்டு நிறுவனங்களும் இணையப் போவதாக அறிவிப்பு வந்தது. பங்கின் விலை ஏறியது.

இரண்டும் யூனிலீவர் குடும்பத்து நிறுவனங்கள். இணைப்பு வரப்போகிறது என்பது வாங்கியவருக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியாது. இதை விசாரித்த செபி 1998-ல் உத்தரவு போட்டது: யு.டி.ஐ.க்கு ரூ.3.04 கோடி இழப்பீடு தர வேண்டும். அதாவது பங்குக்கு 38 ரூபாய்.

செபி கேட்டது மூன்றே கேள்விகள்தான். வாங்கியவர் உள்ளே இருந்தவரா? அவரிடம் இருந்தது விலையை அசைக்கக்கூடிய, இன்னும் வெளியிடப்படாத தகவலா? அதை வைத்துக்கொண்டு வாங்கினாரா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது இன்சைடர் டிரேடிங். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கரைத்துக் குடித்தோ, தொழிற்சாலை வாசலில் நின்று லாரிகளை எண்ணியோ ஒருவர் லாபம் பார்த்தால் அது குற்றமில்லை. அந்த உழைப்பு யாருக்கும் திறந்திருக்கிறது. பூட்டிய அறைக்குள் எடுத்த முடிவு அப்படியில்லை.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. லீவர் மேல்முறையீடு செய்தது. இணைப்பு பற்றிப் பத்திரிகைகளில் ஏற்கெனவே செய்தி வந்துவிட்டதே, பிறகு என்ன ரகசியம் என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. மேல்முறையீட்டில் அது எடுபட்டது; உத்தரவு ரத்தானது.

எனக்கு இந்த முடிவு ஏற்கும்படி இல்லை. பேப்பர் படித்தவருக்குக் கிடைத்தது வதந்தி. லீவரிடம் இருந்ததோ உறுதியான தகவல். "மழை வரலாம்" என்று கேள்விப்பட்டவனும், மதகைத் திறக்கப் போகிறவனும் ஒன்றாகிவிட முடியுமா? இந்த ஓட்டையை 2002-ல் செபியே அடைத்தது. ஊடகங்களில் வரும் ஊகச் செய்திகள் "வெளியிடப்பட்ட தகவல்" ஆகாது என்று விதியில் சேர்த்தார்கள்.

சந்தையை வளைப்பது, அதாவது மானிப்புலேஷன், இதற்கு நேரெதிரான குற்றம். இன்சைடரிடம் இருப்பது உண்மையான தகவல். அதை மறைத்து வைத்து வியாபாரம் செய்கிறார். மானிப்புலேஷனில் விலையே பொய். நாலு பேர் சேர்ந்து 40 ரூபாய்ப் பங்கைத் தங்களுக்குள்ளேயே 45, 55, 70 என்று மாற்றி மாற்றி விற்றுக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். பங்கு அவர்களை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் வெளியே இருப்பவருக்கு வியாபாரம் சூடு பிடித்த மாதிரி தெரியும். அவர் 70-க்கு வாங்கியதும் நால்வரும் கழன்றுகொள்வார்கள். நிறுவனத்தில் ஒரு புதுச் செய்தியும் இல்லாமல், அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வாங்கி விற்று, கடைசியில் கையிருப்பு மாறாமல் இருப்பதுதான் இதைக் காட்டிக்கொடுக்கும் தடயம். இதைத் தடுக்க செபி 2003-ல் தனி விதிகளே கொண்டுவந்தது.

இரண்டையும் நிரூபிப்பது கஷ்டம். "அந்தத் தகவலை வைத்துத்தான் வாங்கினேன்" என்று யாரும் எழுதி வைப்பதில்லை. யார் யாரிடம் எப்போது பேசினார், எந்த நிமிடம் ஆர்டர் போட்டார் என்று கோத்துத்தான் பார்க்க வேண்டும். பிடிபடுவது அரிது என்பதால்தான், பிடிபட்டால் லாபத்தைத் திருப்பித் தருவதோடு விட்டுவிடக் கூடாது என்கிறேன். இல்லாவிட்டால் செய்து பார்ப்பதே லாபமாகிவிடும்.

இப்போது நண்பனுக்குப் பதில். விற்றவர் எப்படியும் விற்றிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விஷயம் தெரிந்திருந்தால் 350 ரூபாய்க்கு விற்றிருக்க மாட்டார். யு.டி.ஐ.யில் இருந்தது யார் பணம்? ஓய்வூதியக்காரர்களும் மாதச் சம்பளக்காரர்களும் சிறுகச் சிறுகப் போட்ட சேமிப்பு. தங்கள் பெயரில் அப்படியொரு விற்பனை நடந்தது என்றே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நஷ்டப்பட்டவருக்கே நஷ்டம் தெரியாததால்தான் "யாருக்குடா நஷ்டம்?" என்று நம்மால் கேன்டீனில் உட்கார்ந்து கேட்க முடிகிறது.

எதிரில் இருப்பவர் எப்போதும் கூடுதலாகத் தெரிந்தவர் என்ற பயம் வந்துவிட்டால், விவரமான சிறு முதலீட்டாளர் ஒன்று விலையைக் குறைத்துக் கேட்பார், அல்லது சந்தைப் பக்கமே வரமாட்டார். அப்புறம் நேர்மையான நிறுவனமும் தன் பங்கை மலிவாகத்தான் விற்க வேண்டியிருக்கும். அந்த நஷ்டக் கணக்கில் நண்பனும் உண்டு, நானும் உண்டு.