அண்ணா என்று கூப்பிட்டால் போதுமா?

"அண்ணா, இந்த பஸ் தாம்பரம் போகுமா?" "அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்." காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி ராத்திரி திரும்புவதற்குள் ஒருவர் எத்தனை அண்ணன், எத்தனை அக்காவைச் சேர்த்துக்கொள்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். டீக்கடையில் ஒரு அண்ணன், ஷேர் ஆட்டோவில் ஒரு அண்ணன், பூக்கடையில் ஒரு அக்கா, கேன்டீனில் இன்னொரு அக்கா. யாருடைய பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடுவதில்லை.

பெரும்பாலும் இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சில இடங்களில் இதே சொல் உறுத்துகிறது. கூப்பிடுகிறவருக்கு வாய் கூசும், அல்லது கேட்கிறவருக்குக் காது கூசும். ஒரே சொல் ஓரிடத்தில் இயல்பாகவும் இன்னோரிடத்தில் வலிந்து சொன்னது போலவும் ஏன் ஒலிக்கிறது?

முதலில் இந்தச் சொல் எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். தமிழில் முன்பின் தெரியாதவரிடம் பேச வாய் திறந்தாலே மரியாதைக் கணக்கு தொடங்கிவிடும். "நில்லு" என்பதா, "நில்லுங்க" என்பதா? இரண்டுக்கும் நடுவே பொதுவான ஒரு வடிவம் பேச்சுவழக்கில் கிடையாது. சரி, "நில்லுங்க" என்றே முடிவு செய்தாலும், அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க ஒரு சொல் வேண்டுமே! பெயர் தெரியாது. "ஹலோ" என்றால் சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். "ஏங்க" என்று கூப்பிடலாம்தான், ஆனால் பல வீடுகளில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல் அது என்பதால் பெண்கள் தயங்குவார்கள். கடைசியில் கைக்குக் கிடைப்பது அண்ணாவும் அக்காவும்தான்.

உறவுச் சொற்கள் எத்தனையோ இருக்க, இந்த இரண்டு மட்டும் தெருவுக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை முறை. அங்கே கல்யாணப் பேச்சு கிடையாது. தாய்மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் அப்படி இல்லை, அவர்கள் முறைப்பையன், முறைப்பெண். ஆகவே மாமா, அத்தை, மச்சான், கொழுந்தியா என்று எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு கல்யாண உரிமை ஒட்டிக்கொண்டு வரும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நடுத்தர வயதுக்காரரை ஒரு பெண் திடீரென "மாமா" என்று கூப்பிட்டால் அவரே ஒரு நிமிடம் திகைத்துப் போவார். பிராமணக் குடும்பங்களில் தெரிந்த பெரியவர்களையெல்லாம் மாமா, மாமி என்பதும், பையன்கள் தங்களுக்குள் "மச்சி" போட்டுக்கொள்வதும் வேறு கதை. மற்றபடி, அப்பா வயதுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்ற இடத்தில் தமிழ் கொஞ்சம் தடுமாறியது. அந்த இடத்தை நகரங்களில் அங்கிளும் ஆன்ட்டியும் வந்து நிரப்பின. அவற்றுக்கு முறை கிடையாது அல்லவா!

ஆக, அண்ணா என்பது கல்யாண உரிமை கோராத, பயப்பட வேண்டாத உறவு. ஒரு பெண் அறிமுகமில்லாத ஆணை அண்ணா என்று அழைக்கும்போது மரியாதையோடு சேர்த்து ஒரு வேலியும் போடுகிறாள். கல்லூரியில் ஒரு பெண் யாரையாவது அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், நண்பர்கள் கூட்டம் அந்தப் பையனை ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்து தீர்க்கும். சினிமாக்காரர்களும் இந்த ஜோக்கைச் சலிக்கச் சலிக்கப் பயன்படுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஜோக்கில் சிரிக்காமல் போகிறவள் ஒருத்தி உண்டு. வகுப்பு நோட்ஸ் கேட்பதற்குக்கூட ஒருவனைச் சகோதரனாக்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது அவளுக்கு. வெறும் சக மாணவனாக வைத்துப் பேசினால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வானோ என்ற பயம். இங்கே அந்தச் சொல் வலிந்து வருகிறது என்றால், குறை அவளிடம் இல்லை.

இன்னொரு வகை, வயது பொருந்தாத இடம். தமிழில் அண்ணனும் தம்பியும் தனித்தனிச் சொற்கள். இரண்டுக்கும் பொதுவான "சகோதரன்" மேடைக்குத்தான் சரி, டீக்கடைக்கு ஆகாது. எனவே கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எதிரில் இருப்பவருக்கு வயது என்ன என்று ஊகித்தாக வேண்டும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் 40 வயதுக் கடைக்காரர் 20 வயதுப் பெண்ணை "உள்ள வாங்கக்கா" என்கிறார். இருவருக்கும் அது வியாபாரச் சொல் என்று தெரியும், யாரும் புண்படுவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மரியாதைச் சொல்லான "அண்ணாச்சி", சென்னையில் மளிகைக் கடைக்காரரின் மறுபெயராகவே ஆகிவிட்டது. தொழிற்பெயராகிவிட்ட உறவு உறுத்துவதில்லை. அதையே நெருக்கிப் பிடித்து, "அண்ணன் சொல்றேன், தங்கச்சி ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்று தொடங்கும்போதுதான் நெளிய வேண்டியிருக்கிறது. வாங்க மறுப்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை அண்ணனை மறுக்கும் குற்றமாக மாற்றிவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அண்ணா, அக்கா யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?

ஆட்டோ ஓட்டுநர், வாட்ச்மேன், கண்டக்டர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர்... இவர்கள் எல்லாம் அண்ணன், அக்கா. வங்கி மேனேஜர் சார். டாக்டர் சார் அல்லது மேடம். தாசில்தாரை எவரும் அண்ணா என்று கூப்பிட்டு மனுவை நீட்டுவதில்லை. அப்படியானால் நகரத்தில் இந்த உறவுச் சொல், "சார்" என்று சொல்லத் தேவையில்லாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மரியாதையாகவும் இருக்கிறது. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான்.

இதில் ஒரு முன்னேற்றம் இருப்பதையும் மறுக்கக் கூடாது. பல கிராமங்களில் ஆதிக்கச் சாதி வீட்டுச் சிறுவன், தாத்தா வயதில் இருக்கும் தலித் பெரியவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றே கூப்பிட்டான். அவரோ அந்தச் சிறுவனை "சாமி" என்றும் "சின்னையா" என்றும் அழைக்க வேண்டியிருந்தது. இந்த வழக்கம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. அந்த நிலையிலிருந்து பார்த்தால், முகம் தெரியாத ஒரு தொழிலாளியை அண்ணா என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டு, முழுவதும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வேலை செய்ய ஒரு பெண் வருகிறார். வயது 50. வீட்டுத் தலைவிக்கு 35. "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். நல்ல விஷயம். இப்போது அடுத்த சொல்லைக் கேளுங்கள். "அக்கா, பாத்திரத்தை முதல்ல தேய்ச்சிடு." அக்கா என்று தொடங்கிய வாக்கியம் "தேய்ச்சிடு" என்று முடிகிறது. சொந்த அக்காவை "நீ" என்று பேசும் வீடுகள் உண்டுதான். ஆனால் அந்த அக்கா திருப்பி "நீ" என்று பேசுவாள். இவர் பேச முடியுமா? "சரிங்கம்மா" என்கிறார். 50 வயது அக்கா, 35 வயதுத் தங்கையை "அம்மா" என்கிறார்!

அவர் வேலை முடித்துப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் போகும் செய்தி: "எங்க வேலைக்காரி இன்னைக்கும் லேட்டாத்தான் வந்தா." முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் "வந்தா". வாட்ச்மேன் அண்ணனும் இப்படித்தான் காதுக்கு எட்டாத தூரம் போனதும் "வந்தான்" ஆகிவிடுகிறார். சமையலறை அலமாரியைத் திறந்தால் அக்காவுக்கென்று தனியாக ஒரு டம்ளர் இருக்கும். தீபாவளிக்கு ஒரு நாள் லீவு கேட்டால் முகம் சுருங்கும். இரண்டு வருடமாகச் சம்பளம் ஏறவில்லையே என்று கேட்டால், "உங்களை எங்க வீட்டு ஆளாத்தானே நினைக்கிறோம்" என்று பதில் வரும். உறவுச் சொல் அங்கே சம்பளத்துக்கு ஈடாகப் போகிறது. வீட்டு ஆள் கணக்குப் பார்க்கக் கூடாதாம்!

ஆகவே ஒரு உறவுச் சொல் உண்மையானதா, ஒப்புக்குச் சொல்வதா என்று தெரிய அந்தச் சொல்லை மட்டும் கேட்டால் போதாது. பின்னால் வரும் வினைச்சொல்லைக் கேட்க வேண்டும். "அண்ணா, நில்லுங்க" என்பவருக்கும், கைதட்டி "அண்ணா, நில்லு" என்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் போன பிறகு "சொன்னார்" என்கிறார்களா, "சொன்னான்" என்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆட்டோ கட்டணத்தில் தகராறு வந்ததும் அண்ணா "யோவ்" ஆகிறதா என்பதும் ஒரு நல்ல சோதனை. 20 ரூபாய்க்கு அறுந்துபோகிற உறவு முதலிலேயே ஒட்டியிருக்கவில்லை.

அப்படியானால் எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட்டுவிடலாமா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள். வாட்ச்மேனையும் சார் என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் மரியாதையும் இருக்கிறது. ஆனால் அண்ணாவில் இருக்கும் இதம் அதில் கிடைக்காது. ராத்திரி 10 மணிக்கு வழி தெரியாத ஊரில் இறங்கிய ஒரு பெண்ணுக்கு, டீக்கடைக்காரர் "எங்கம்மா போகணும்?" என்று கேட்பதும் அவள் "அண்ணா" என்று தொடங்குவதும் எவ்வளவு பெரிய ஆறுதல்! அதை இழந்துவிடக் கூடாது.

வாய் கூசுகிற இடத்தில் உறவு கொண்டாடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உறவே இல்லாமல் மரியாதை தர "ங்க" என்ற ஒரே ஒரு எழுத்துக்கூட்டம் தமிழில் இருக்கிறது. "கொஞ்சம் வழி விடுங்க", "இந்தாங்க, மீதிச் சில்லறை", "இது எந்த ஸ்டாப்புங்க?" இவற்றில் அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. வயதை ஊகித்து மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. தினமும் பார்க்கிறவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு: பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. கேன்டீன் அக்கா என்று மூன்று வருடம் கூப்பிட்டவர்கள், ஒரு நாள் பெயரைக் கேட்டு "செல்வி அக்கா" என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.